கூரையும் ஒரு சுவர்தான்

ராக்கெட்பால் ஆடும் அறைக்குள் முதன்முறை போகிறவர்கள் நான்கு சுவர்களையும் பார்ப்பார்கள், தரையில் போட்டிருக்கும் கோடுகளைப் பார்ப்பார்கள். அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. நானும் பார்க்கவில்லை. சென்னையில் நான்கைந்து வருடம் ஸ்குவாஷ் ஆடியிருந்தேன். ஹூஸ்டனில் வேலை பார்த்தபோது அந்தப் பழக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை அங்கிருந்த களத்துக்குப் போனேன். எதிரே நின்றவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், திருநெல்வேலிக்காரர், இருபது வருடமாக அந்த ஊரில் இருப்பவர். நான் சர்வ் போட்டேன். அவர் மட்டையை மேல்நோக்கி வீசினார். பந்து கூரையில் பட்டது. ஸ்குவாஷில் கூரையில் பட்டால் அவுட். பாயிண்ட் நமக்குத்தான் என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு நின்றேன். பந்து கூரையிலிருந்து முன்சுவருக்குப் போய், தரையில் ஒரு முறை குதித்து, என் தலைக்கு மேலே உயர்ந்து, பின்னாலிருந்த இடது மூலையில் இறங்கி அடங்கிவிட்டது.

"தம்பி, இங்க கூரையும் ஒரு சுவருதான்" என்றார் அவர். "நீங்க நடுவுல நிக்கீங்கல்லா, அந்த எடத்த விட்டு உங்களக் கெளப்பணும்னா எனக்கு வேற வழி கிடையாது."

ராக்கெட்பாலின் விதிகளில் முக்கால்வாசி அந்த இரண்டாவது வாக்கியத்துக்குள் அடங்கிவிடும் என்பது எனக்குச் சில மாதம் கழித்துத்தான் விளங்கியது. களத்தின் நடுப்பகுதி யாருக்கு என்பதுதான் இந்த ஆட்டத்தின் சண்டை. சர்வ் போடுகிறவருக்கு அந்த இடத்தை விதியே கொடுத்துவிடுகிறது. எதிராளி அதைப் பிடுங்கிக்கொள்ள வைத்திருக்கும் முதல் கருவி கூரை.

கூரை எப்படி ஆட்டத்துக்குள் வந்தது என்பதற்குக் காரணம் பிறந்த இடம். ஸ்குவாஷ் இங்கிலாந்தில், ஹாரோ பள்ளிக்கூடத்தில் வளர்ந்த ஆட்டம். ராக்கெட்பால் அமெரிக்காவில் பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் ஊரில் ஜோ சோபெக் என்பவர் 1950ஆம் ஆண்டு வாக்கில் இதை உருவாக்கினார். அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ.வில் கையாலேயே பந்தை அடிக்கும் ஹேண்ட்பால் களம் இருந்தது. சோபெக் புதிதாகக் களம் எதுவும் கட்டவில்லை. குட்டைப் பிடி வைத்த, நரம்பு கட்டிய மட்டையை எடுத்துக்கொண்டு அந்த ஹேண்ட்பால் களத்திலேயே இறங்கினார். நான்கு சுவர் ஹேண்ட்பாலில் கூரையில் பந்து படலாம். அந்த உரிமை அப்படியே புதிய ஆட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. நாடு முழுக்க ஒய்.எம்.சி.ஏ.க்களில் ஹேண்ட்பால் களங்கள் ஏற்கெனவே கட்டிக் கிடந்ததால் ஆட்டமும் வேகமாகப் பரவியது. ராக்கெட்பால் என்ற பெயர் பின்னால், 1969இல் சங்கம் அமைந்த காலத்தில்தான் நிலைத்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இங்கிலாந்தில் 1976இல் ஏறக்குறைய இதே பெயரில் வேறொரு ஆட்டம் தொடங்கியது. அது ஸ்குவாஷ் களத்திலேயே ஆடப்படுவது. கூரைக்கு அதில் இடமில்லை. 2016இல் அதன் பெயரை ஸ்குவாஷ் 57 என்று மாற்றிவிட்டார்கள். பந்தின் குறுக்களவு 57 மில்லிமீட்டர் என்பதால் அந்தப் பெயர். நான் இங்கே சொல்வது அமெரிக்க ஆட்டத்தைப் பற்றி மட்டும்.

களம் ஒரு பெட்டி. நீளம் 40 அடி, அகலம் 20 அடி, உயரம் 20 அடி. பின்சுவர் மட்டும் முழு உயரத்துக்கு இருக்க வேண்டியதில்லை. 12 அடி இருந்தால் போதும். ஸ்குவாஷ் களம் 32 அடி நீளம், 21 அடி அகலம். எட்டு அடிதான் வித்தியாசம் என்று காகிதத்தில் தோன்றும். உள்ளே ஓடிப் பார்த்தால்தான் அந்த எட்டு அடியின் அருமை தெரியும். அதைவிடப் பெரிய வித்தியாசம் பந்தில் இருக்கிறது. ஸ்குவாஷ் பந்து 40 மில்லிமீட்டர். அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் கொஞ்சமாவது எழும்பும். ராக்கெட்பால் பந்து அதைவிடப் பெரியது, உள்ளே வெற்றிடமாக இருக்கும் ரப்பர் பந்து. 100 அங்குல உயரத்திலிருந்து கீழே போட்டால் 68 முதல் 72 அங்குலம் வரை திரும்ப எழும்ப வேண்டும் என்பது விதி. அதாவது ஐந்தரை அடிக்கு மேல். இப்படித் துள்ளுகிற பந்து ஒரு மூடிய பெட்டிக்குள் என்னென்ன செய்யும் என்று யோசித்தால் மற்ற விதிகளின் காரணம் பிடிபடும்.

அடிப்படை விதி எளிது. பந்து தரையில் இரண்டாவது முறை குதிப்பதற்குள் அடிக்க வேண்டும். அடித்த பந்து தரையைத் தொடும் முன் முன்சுவரை எட்ட வேண்டும். போகிற வழியில் பக்கச்சுவர், பின்சுவர், கூரை எதில் பட்டாலும் பரவாயில்லை. ஸ்குவாஷில் முன்சுவரின் அடியில் தகரப் பட்டை ஒன்று இருக்கும். பொதுவாக 48 சென்டிமீட்டர் உயரம். அதில் பந்து பட்டால் டங்கென்று சத்தம் கேட்கும், பாயிண்ட் போய்விடும். ராக்கெட்பாலில் அந்தப் பட்டை கிடையாது. தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் முன்சுவரைத் தொட்டாலும் பந்து செல்லும். ஸ்குவாஷில் மேலேயும் கீழேயும் எல்லை உண்டு, இங்கே இரண்டுமே இல்லை. மொத்த ஆட்டத்தின் குணமும் இதனால் மாறிவிடுகிறது.

இனி சர்வீஸ். தரையில் களத்தைச் சரிபாதியாக வெட்டும் கோட்டுக்கு ஷார்ட் லைன் என்று பெயர். அது முன்சுவரிலிருந்து 20 அடி. அதற்கு 5 அடி முன்னால் இன்னொரு கோடு, சர்வீஸ் லைன். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஐந்தடிப் பட்டைதான் சர்வீஸ் ஜோன். களத்தின் ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவர் வரை நீளும் அந்தப் பட்டைக்குள் எங்கே வேண்டுமானாலும் நின்று சர்வ் போடலாம். ஸ்குவாஷில் மூலைக்கொரு சிறு கட்டம் இருக்கும். அதற்குள் ஒரு கால் வைத்து, முன்சுவரில் குறிப்பிட்ட கோட்டுக்கு மேலே படும்படி அடித்து, எதிராளியின் கால் பாகத்தில் பந்தை இறக்க வேண்டும். அங்கே சர்வீஸ் என்பது ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது. இங்கே அது தாக்குதல்.

சர்வ் போடுகிறவர் பட்டைக்குள் பந்தை ஒரு முறை தரையில் தட்டி, அது எழும்பும்போது அடிக்க வேண்டும். பந்து முதலில் முன்சுவரில்தான் படவேண்டும். பிறகு ஷார்ட் லைனைத் தாண்டித் தரையில் விழ வேண்டும். நடுவே ஒரே ஒரு பக்கச்சுவரில் படலாம். ஷார்ட் லைனுக்கு முன்னாலோ கோட்டின் மீதோ விழுந்தால் ஃபால்ட். தரையைத் தொடாமலே பின்சுவர் வரை போய்விட்டாலும் இரண்டு பக்கச்சுவரையும் தொட்டுவிட்டாலும் ஃபால்ட். டென்னிஸ் மாதிரி இரண்டாவது வாய்ப்பு உண்டு. அடுத்தடுத்து இரண்டு ஃபால்ட் ஆனால் சர்வீஸ் கைமாறும்.

கூரை விஷயத்தில் சர்வ் போடுகிறவருக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. அவர் அடித்த பந்து முன்சுவரில் பட்டுவிட்டுக் கூரையைத் தொட்டால் ஃபால்ட். முன்சுவருக்குப் போகும் முன்பே கூரையைத் தொட்டால் இரண்டாவது வாய்ப்பும் கிடையாது, அங்கேயே சர்வீஸ் போய்விடும். களத்தின் நடுவே நின்று தொடங்கும் சலுகை அவருக்கு, கூரையை முதலில் தொடும் சலுகை எதிராளிக்கு. இந்தப் பங்கீட்டை யாரும் திட்டமிட்டுச் செய்தார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும், நியாயமான பங்கீடு என்றே எனக்குப் படுகிறது.

எதிராளிக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பக்கச்சுவர்களிலிருந்து மூன்றடி தள்ளி சர்வீஸ் ஜோனில் சிறு கோடுகள் இருக்கும். சுவரோரம் ஒட்டி நின்றபடி அதே சுவரோரமாகவே வேகமான சர்வை விட்டால், சர்வ் போடுகிறவரின் உடம்பே பந்தை மறைத்துவிடும். பின்னால் நிற்பவர் பந்தைப் பார்ப்பதற்குள் அது அவரைக் கடந்திருக்கும். அதனால் அந்தப் பக்கம் வேகமான சர்வ் போட வேண்டுமானால் மூன்றடிக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் போட வேண்டும். வேறு இடத்தில் நின்று போட்டாலும், பந்து சர்வ் போட்டவரின் உடம்பை உரசியபடி வந்து எதிராளியின் கண்ணுக்கு மறைந்தால் அமெரிக்க விதிப்படி அது ஃபால்ட்.

ஷார்ட் லைனுக்கு ஐந்தடி பின்னால் விட்டு விட்டு ஒரு கோடு ஓடும். நடுவிலிருக்கும் இடம் பாதுகாப்புப் பகுதி. சர்வ் வந்துகொண்டிருக்கும்போது, பந்து தரையில் குதிக்கும் வரை அல்லது அந்தக் கோட்டைத் தாண்டும் வரை எதிராளி அதற்குள் நுழையக் கூடாது. மட்டையைக்கூட நீட்டக் கூடாது. சர்வ் போட்டவரும் பந்து ஷார்ட் லைனைக் கடக்கும் முன் பின்வாங்கி அங்கே வரக் கூடாது. நல்ல ஆட்டக்காரர்கள் கையில் இந்தப் பந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். மட்டை வீச்சுக்குள் ஒருவர் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மட்டையின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும் என்று விதி சொல்வதும், அமெரிக்கப் போட்டிகளில் கண்ணாடிக் கவசம் கட்டாயம் என்பதும் இதே அச்சத்தால்தான்.

நெடுங்காலமாக அமெரிக்க அமெச்சூர் ஆட்டங்களில் இருந்துவரும் கணக்கின்படி, சர்வ் போடுகிறவர் மட்டுமே பாயிண்ட் எடுக்க முடியும். எதிராளி ராலியை வென்றால் அவருக்குக் கிடைப்பது சர்வீஸ் மட்டும். 15 பாயிண்டுக்கு இரண்டு கேம். ஆளுக்கொன்று ஆனால் மூன்றாவது 11 வரை. ஸ்குவாஷில் இப்போது ஒவ்வொரு ராலிக்கும் யாராவது ஒருவருக்குப் பாயிண்ட் உண்டு. ராக்கெட்பாலின் பழைய கணக்கில் சர்வீஸ் கையில் இல்லாதவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் முதலில் அந்த ஐந்தடிப் பட்டையைப் பிடித்தாக வேண்டும்.

அதைப் பிடிப்பது எப்படி என்று அந்தத் திருநெல்வேலி அண்ணன் அடுத்த வாரமே எனக்குக் காட்டினார். நான் பின்சுவரிலிருந்து ஐந்தடி முன்னால், நடுவில் நின்றேன். அவர் தாழ்வாக, என் இடது மூலையைப் பார்த்து வேகமாக சர்வ் விட்டார். நான் வலது கைக்காரன். அது என் பேக்ஹேண்ட் பக்கம். பந்து ஷார்ட் லைனுக்குச் சற்றுப் பின்னால் விழுந்து, உயராமல் வழுக்கிக்கொண்டு வந்தது. எட்டிப் பிடிக்கத்தான் நேரம் இருந்தது. ஸ்குவாஷ் பழக்கத்தில் முன்சுவரின் உயரத்தில் தூக்கி அடித்தேன். ஸ்குவாஷில் அந்த லாப் பின்மூலையில் போய் அடங்கியிருக்கும். இங்கே பந்து துள்ளிக்கொண்டு பின்சுவரில் மோதி, களத்தின் நடுவே அவர் இடுப்பு உயரத்துக்குத் திரும்பி வந்தது. அவர் அவசரப்படவே இல்லை. பந்து கணுக்கால் வரை இறங்கட்டும் என்று காத்திருந்து, தரையை ஒட்டி முன்சுவருக்குத் தள்ளினார். அது சுவரின் அடியில் பட்டு, குதிக்காமல் உருண்டு வந்தது. இதை ரோல் அவுட் என்பார்கள். உலகத்தில் யாராலும் எடுக்க முடியாத அடி. ஸ்குவாஷில் இதே அடி தகரத்தில் பட்டுத் தோற்றிருக்கும்.

"தூக்கி அடிச்சது சரி, எதுல தூக்கி அடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, கூரையில் முன்சுவருக்கு அருகே அழுக்காக இருந்த ஓர் இடத்தைக் காட்டினார். வெள்ளைக் கூரையின் மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்க, முன்சுவரிலிருந்து ஐந்தடி தூரம்வரை மட்டும் பந்துகளின் தடம் நீலமும் சாம்பலுமாகப் படிந்திருந்தது. அன்றுதான் நான் அண்ணாந்து பார்த்தேன்.

சீலிங் ஷாட் என்பது அந்த இடத்தைக் குறிவைத்து அடிப்பது. பந்து தலைக்கு மேல் இருந்தால் மட்டையைப் பின்னால் கொண்டுபோய், கல்லெறிகிற மாதிரி கையை உயர்த்தி அடிக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் பக்கவாட்டில் நின்று, மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து, கீழிருந்து மேலே வழித்துவிட வேண்டும். முன்சுவருக்கு முன்னால் இரண்டு மூன்றடியில் கூரையில் பட்டால் நல்லது. அங்கிருந்து பந்து முன்சுவரின் உச்சியில் பட்டு, செங்குத்தாக இறங்கி, களத்தின் முன்பாதியில் தரையில் குதித்து, உயரமாக எழும்பிப் பின்சுவரை நோக்கிப் போகும். கூரை, சுவர், தரை மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் வேகத்தை வாங்கிக்கொண்டுவிடுவதால் பின்மூலைக்குப் போய்ச் சேரும்போது பந்தில் உயிர் குறைவாகத்தான் இருக்கும். நடுவில் நிற்பவரின் தலைக்கு மேல் போவதால் அவர் அங்கிருந்து அதைத் தொட முடியாது. பின்னால் ஓடியாக வேண்டும். முன்சுவரிலிருந்து 35 அடிக்கு அப்பால், தோள் உயரத்தில், பெரும்பாலும் பேக்ஹேண்டில் அவர் அதை எடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அடித்தவர் நிதானமாக நடந்து நடுவுக்கு வந்துவிடலாம்.

எதில் தவறும் என்பதை அந்த அழுக்குத் தடத்தை வைத்தே சொல்லலாம். பந்து கூரையில் ரொம்பப் பின்னால், ஏழெட்டடி தள்ளிப் பட்டால் முன்சுவரில் தாழ்வாக இறங்கி, ஆழம் போதாமல் களத்தின் நடுவே எதிராளியின் கைக்கு வரும். தேவைக்கு மேல் பலமாக அடித்தால் முதல் குதியிலேயே பின்சுவரை எட்டி, அதில் மோதித் திரும்பும். என் லாபுக்கு நடந்தது இதற்கும் நடக்கும். பக்கச்சுவரைத் தொட்டுவிட்டாலும் கெட்டது, பந்து நடுவுக்கு விலகிவிடும். சுவரை ஒட்டி, ஆனால் உரசாமல் இறங்கினால் எதிராளிக்கு மட்டையை வீசவே இடம் இருக்காது. பந்தின் குணமும் கணக்கில் வரும். புதிதாகத் திறந்த பந்தும், ஆடி ஆடிச் சூடான பந்தும் அதிகமாகத் துள்ளும். காலையில் சரியாக விழுந்த அதே அடி பதினோரு மணிக்குப் பின்சுவரிலிருந்து திரும்பி வந்தால், கையில் தவறில்லை, கொஞ்சம் மெதுவாக அடிக்க வேண்டும் என்று பொருள்.

சீலிங் ஷாட்டுக்கு இன்னொரு சீலிங் ஷாட்தான் பெரும்பாலும் பதில். பின்மூலையில் தோள் உயரப் பந்தைத் தரையொட்டி அடிக்கப் பார்ப்பது ஆசை. அந்த உயரத்திலிருந்து கீழே இறக்கினால் ஒன்று தரையில் பட்டுவிடும், இல்லையென்றால் நடுவில் நிற்பவர் கைக்கு உயரமாகப் போய்ச் சேரும். அதனால் இருவரும் மாற்றி மாற்றிக் கூரைக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது மந்தமாகத் தெரியலாம். எனக்கு ஆட்டத்தின் மிகச் சுவையான நேரமே இதுதான். இருவரும் ஓரடிப் பிழைக்காகக் காத்திருக்கிறார்கள்.

1970களில் சார்லி பிரம்ஃபீல்டு போன்றவர்கள் இந்தப் பொறுமையை வைத்தே ஆட்டங்களை வென்றார்கள். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் மார்ட்டி ஹோகன் பலத்தால் அடித்து நொறுக்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். இன்றைய பெரிய மட்டைகளோடு அந்த வேகம் இன்னும் கூடிவிட்டது. வேகமான சர்வை எட்டிப் பிடிக்கிற நிலையில் மாட்டிக்கொள்கிறவருக்கு மட்டும் அன்றைக்கு இருந்த வழிதான் இன்றைக்கும்.

ஆறு மாதம் கழித்து ஒரு ராலி. அவர் அதே தாழ்வான சர்வை அதே இடது மூலைக்கு விட்டார். நான் மட்டையைத் திறந்து கீழிருந்து வழித்தேன். பந்து கூரையில் போய்ப் பட்ட சத்தம் வந்ததும் அவர் திரும்பிப் பின்னால் ஓடினார். நான் நடுவுக்கு வந்தேன். அவர் கூரைக்கு அடித்தார்; இப்போது நான் பின்னால், அவர் நடுவில். மூன்றாவது நான், சுவரோரமாக. நான்காவது அவர், கொஞ்சம் பலமாக. பந்து நேராகப் பின்சுவரில் மோதுவதைப் பார்த்துக்கொண்டே அதனோடு முன்னால் நகர்ந்தேன். அது முழங்காலுக்குக் கீழே இறங்கும் வரை காத்திருந்தேன். வலது மூலைக்கு, தரையிலிருந்து நான்கைந்து அங்குல உயரத்தில் அடித்தேன். உருளவில்லை, அடுத்தடுத்து இரண்டு முறை சிறிதாகக் குதித்தது. அவர் ஓடி வந்து எட்டுவதற்குள் இரண்டாவது குதி முடிந்திருந்தது.

பழைய கணக்குப்படி எனக்கு அதில் பாயிண்ட் இல்லை. அவர் பந்தைக் கையில் எடுத்து, என்னிடம் உருட்டிவிட்டு, பின்சுவரோரம் போய் நின்றார். நான் ஐந்தடிப் பட்டைக்குள் நுழைந்தேன்.